பெயர் பதிவாகும், கை பதிவாகாது

கோவிலம்பாக்கத்தில் இருநூறடி ரேடியல் சாலையை ஒட்டியும், மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கும் மேடவாக்கம் சாலையின் இரு பக்கமும், கீழே கடை மேலே அலுவலகம் என்று அமைந்த கட்டடங்களில் பத்து, பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் நிறைய உண்டு. அப்படி ஓர் இடத்தில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் கிடைப்பது ஒரு நாற்காலி, ஒரு கணினி, ஒரு துண்டுச்சீட்டில் யூசர்நேமும் பாஸ்வேர்டும். அந்த யூசர்நேம் சில சமயம் அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருடையதாகவே இருக்கும். கூடவே ஓர் அறிவுரை: “பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீங்க.” அதைச் சொன்னவரே மதியத்துக்குள், “உங்க பாஸ்வேர்டு என்ன, ஒரு பில் போடணும்” என்று கேட்பார். காரணம் சொல்லப்படாத விதி அரை நாள் தாங்குவதே அதிகம். ஆகவே புதியவரிடம் பேச இருபது நிமிடம் கிடைத்தால், அதில் பெரும்பகுதியைக் காரணத்துக்கே செலவிட வேண்டும் என்பது என் கட்சி. காரணம் ஒன்றுதான்: கணினிக்கு உங்களைத் தெரியாது, உங்கள் பெயரை மட்டுமே தெரியும்.

ஒழுங்காகக் கட்டப்பட்ட ஓர் அமைப்பு உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதை ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டு அரைத்து, வெளியே வரும் நீண்ட எண்ணெழுத்துத் தொடரை மட்டும் சேமிக்கிறது. இதற்கு ஹாஷ் என்று பெயர். மாவைப் பார்த்து அரிசியை மீட்க முடியாததுபோல, ஹாஷைத் திருப்பிப் போட்டுப் பாஸ்வேர்டை எடுக்க முடியாது. ஆனால் அதே பாஸ்வேர்டை மறுபடி அரைத்தால் அதே ஹாஷ்தான் வரும். நீங்கள் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும், தட்டச்சிட்டதை அரைத்துப் பார்த்து, வைத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கணினி சரிபார்க்கிறது. நடப்பது அவ்வளவுதான். தட்டச்சிட்ட விரல் யாருடையது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இதிலிருந்து புதியவருக்கு உடனே உதவும் ஒரு முடிவும் கிடைக்கிறது: கணினிகளைப் பராமரிப்பவருக்கு உங்கள் பாஸ்வேர்டு எந்த வேலைக்கும் தேவையில்லை. நீங்கள் மறந்துவிட்டால் அவரால் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, புதிதாக ஒன்றை வைத்துத் தரத்தான் முடியும். ஆகவே போனில் யாராவது, “ஐடியில இருந்து பேசறேன், பாஸ்வேர்டு சொல்லுங்க, செக் பண்ணணும்” என்றால், அவர் வேலை தெரியாதவராக இருப்பார், இல்லாவிட்டால் திருடராக இருப்பார்.

பெயரை மட்டும் நம்பும் இந்த ஏற்பாடு, பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவான சின்ன நிறுவனங்களிலும் 2023 ஏப்ரல் 1 முதல் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் கணக்கு விதிகளின்படி, கணக்கெழுதும் மென்பொருளில் ஒவ்வொரு பதிவும், பின்னால் அதில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு தானாகப் பதிவாக வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்க வழி இருக்கக்கூடாது. டேலி புழங்கும் அலுவலகங்களில் இதை எடிட் லாக் என்பார்கள். ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப்பற்றியும் எழுத வேண்டும். தனியாள் உரிமையில் நடக்கும் கடைகளுக்கு இந்த விதி கிடையாது. எப்போது மாறியது, எது மாறியது, யார் மாற்றினார் என்ற மூன்றுக்கும் அந்தப் பதிவு விடை சொல்ல வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. முதல் இரண்டையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். மூன்றாவதற்கு விடை, அலுவலகத்தில் இருப்பவர்கள் எந்தப் பெயரில் உள்ளே நுழைகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். குடிநீர் ஆர்.ஓ. மெஷின்களுக்கு உதிரிபாகம் விற்கும் பன்னிரண்டு பேர் கொண்ட பிரைவேட் லிமிடெட். டேலியை மூன்று பேர் தொடுகிறார்கள்: முழுநேரக் கணக்கர், வாரத்தில் இரண்டு மாலை வரும் பகுதிநேரக் கணக்கர், பில்லிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மூவரும் நுழைவது `admin` என்ற ஒரே பெயரில். ஒரு சனிக்கிழமை மாலை 6.42க்கு, வாடிக்கையாளர் ஒருவர் ரொக்கமாகக் கட்டிய 18,500 ரூபாய்க்கான ரசீதுப் பதிவு 8,500 என்று திருத்தப்படுகிறது. மூன்று மாதம் கழித்து, பாக்கி கேட்டுப் போன் செய்தபோது, “நான்தான் முழுசா கட்டிட்டேனே” என்கிறார் வாடிக்கையாளர். எடிட் லாக்கைத் திறந்தால் பழைய தொகை இருக்கிறது, புதிய தொகை இருக்கிறது, தேதியும் நேரமும் இருக்கின்றன. யார் என்ற இடத்தில் `admin` என்று இருக்கிறது. சிசிடிவி பதிவு சில வாரங்களிலேயே மேலெழுதப்பட்டுப் போயிருக்கும். அந்தச் சனிக்கிழமை ஆறரை மணிக்கு எங்கே இருந்தோம் என்பது மூவருக்கும் நினைவில்லை. நான் செய்யவில்லை என்று மூவருமே சொல்லலாம், மூவருக்குமே அதைக் காட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. இப்படியான வேளைகளில் சந்தேகம் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. முதலாளிக்கு எட்டு வருடப் பழக்கம் உள்ளவரைத் தாண்டி, போன மாதம் சேர்ந்தவர்மீதே அது போய் நிற்கும். அந்தத் திருத்தம் திருட்டாக இல்லாமல் வெறும் தட்டச்சுப் பிழையாக இருந்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் பிழை செய்தவர் யார் என்று தெரிந்தால்தானே எப்படி நேர்ந்தது என்று கேட்க முடியும்?

மூவருக்கும் தனித்தனிப் பெயர் இருந்திருந்தால், அந்த ஒரு வரியே இரண்டு பேரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்திருக்கும். சொந்தக் கணக்கைப் பொத்திப் பாதுகாக்கச் சொல்வது நிறுவனத்தின் நலனுக்காக ஊழியர் சுமக்கும் பாரம் என்று நினைக்கிறோம். உண்மையில் இந்த ஏற்பாட்டில் முதல் பயன் புதிதாகச் சேர்பவருக்குத்தான். இதற்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது: தனிப்பெயர் இருந்தாலும் லாக் சொல்வது பெயரை மட்டுமே. திரையைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினால், அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் நாற்காலியில் உட்காருபவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் ஏறும். எழுந்திருக்கும்போது `Windows + L` அழுத்திப் பூட்டுவதற்கு ஒரு நொடி ஆகும். பெயரும் கையும் ஒன்றாகவே இருக்கின்றன என்று நாளை நீங்கள் உறுதியாகச் சொல்ல, அந்த ஒரு நொடிதான் ஆதாரம்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, “பன்னிரண்டு பேர்தானே இருக்கோம், ஒருத்தரை ஒருத்தர் நம்பாம எப்படி?” என்பது. நம்பிக்கையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மேலே சொன்ன கதையில் நம்பிக்கையைக் குலைத்தது தனிப்பெயர் அல்ல, பொதுப்பெயர்தான் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்வேன். சீட்டுப் பிடிக்கும் இடத்தில் யார் எவ்வளவு கட்டினார் என்று நோட்டில் எழுதுகிறோமே, அது நம்பிக்கை இல்லாமலா? இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: கணக்கர் திடீரென்று லீவு போட்டால் வேலை நின்றுவிடும், டேலியில் ஒருவருக்கான லைசென்ஸ்தான் வாங்கியிருக்கிறோம். இதன் பின்பாதி ஒரு தவறான புரிதல். டேலி பிரைமில் சில்வர் லைசென்ஸ் கட்டுப்படுத்துவது கணினியின் எண்ணிக்கையை, பெயர்களின் எண்ணிக்கையை அல்ல. ஒரே கணினியில் மாறிமாறி உட்காரும் மூன்று பேருக்கு மூன்று பெயர் வைத்துக்கொள்ளலாம். `Alt+K` அழுத்தினால் வரும் பட்டியலிலேயே `Users and Passwords` இருக்கிறது, காசு எதுவும் கூடுதலாக ஆகாது. லீவு பற்றிய முன்பாதி நியாயமானது. அதற்கு விடை, இல்லாதவரின் பாஸ்வேர்டை வாங்கி வைத்திருப்பது அல்ல. அந்த வேலையைச் செய்யக்கூடிய இரண்டாவது ஆளுக்கு அவர் பெயரிலேயே அனுமதி கொடுத்து வைப்பது. அதைச் செய்ய வேண்டியது நிர்வாகம். செய்து வைக்காத நிர்வாகம், பாஸ்வேர்டைப் பகிர்ந்ததற்காக ஊழியரைக் கடிந்துகொள்வது அழகில்லை.

சரக்கு அனுப்பும் பக்கத்திலும் இதே கதைதான். மதிப்புக் கூடிய சரக்கோடு லாரியோ டாடா ஏஸோ கிளம்பும் முன் இ-வே பில் போட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் நுழைய எல்லா வணிகர்களுக்கும் பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம். பெரும்பாலான இடங்களில் ஓடிபி முதலாளியின் போனுக்கு வருகிறது. “சார், ஓடிபி சொல்லுங்க” என்று குடோனிலிருந்து குரல் வரும், அவர் வண்டியை ஓரம் கட்டி ஆறு இலக்கத்தைச் சொல்வார். ஓடிபியின் வேலை, அந்தப் போன் வைத்திருப்பவர்தான் உள்ளே நுழைகிறார் என்று காட்டுவது. அதைச் சத்தமாகப் படித்துச் சொன்ன கணமே காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. அதைவிடப் பெரிய கெடுதல் பழக்கத்தில் இருக்கிறது: தினம் நான்கு முறை போனில் ஓடிபி சொல்லிப் பழகியவருக்கு, ஐந்தாவது முறை கேட்கும் குரல் வேறு என்பது காதில் உறைக்காது. அந்தத் தளம் துணைப் பயனர்களை உருவாக்க இடம் கொடுக்கிறது. அவரவர் ஓடிபி அவரவர் எண்ணுக்கே போகும். வசதி இருந்தும் பல இடங்களில் யாரும் திறந்து பார்த்ததில்லை.

இதுவரை பார்த்தது பெயரை நாமே இரவல் கொடுப்பது. பெயர் நமக்குத் தெரியாமல் களவு போனால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததைப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பணப்பரிமாற்ற உத்தரவுகள் செல்லும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக, வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் வங்கியின் பெயரில் போயிருந்தன. ஐந்து லட்சம் டாலர் துபாய்க்கு, மூன்று லட்சம் யூரோ துருக்கிக்கு, பத்து லட்சம் டாலர் சீனாவுக்கு. பெற்ற வெளிநாட்டு வங்கிகளின் கண்ணுக்கு அவை முறையான உத்தரவுகள். பெயரும் சரி, வடிவமும் சரி. அந்த உத்தரவுகள் போன பிப்ரவரி 6 மாலை, ஸ்விஃப்ட் செய்திகளை அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யாமல் போனது. திருடர்களே அதை முடக்கியிருந்தார்கள். மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான் மூன்றும் தெரியவந்தன. உடனே விரட்டியதில் துபாய்க்குப் போன தொகை தடுக்கப்பட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியில் இதே பாணியில் பெரிய அளவில் நடந்திருந்தது. ஊழியர்களின் நுழைவு விவரங்களைக் களவாடி, நியூயார்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்கும் மேல் அனுப்ப 35 உத்தரவுகள் போயின. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறும் அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப்பிழை ஒரு வங்கியின் கண்ணில் பட்டதால் மீட்கப்பட்டது. அங்கேயும் பிரிண்டர் நின்றிருந்தது. வழக்கமான கோளாறு என்றே அங்கிருந்தவர்கள் எண்ணினார்கள். பின்னால் அமெரிக்கப் புலனாய்வு வெளியிட்ட விவரங்களின்படி, முதல் நுழைவு அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே நடந்துவிட்டது: வேலை கேட்டு எழுதுவதுபோல் வந்த மின்னஞ்சல்கள், அதில் தன்விவரக் குறிப்பு என்று ஓர் இணைப்பு, அதைத் திறந்த சில கணினிகள்.

கோவிலம்பாக்கத்து உதிரிபாகக் கடையில் ஸ்விஃப்ட் கிடையாது, கோடி டாலரும் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் வேலை கேட்டு வரும் மின்னஞ்சல் அங்கேயும் தினம் வருகிறது, திறப்பவரும் இருக்கிறார். இந்த இரண்டு சம்பவங்களிலும் நான் கவனிக்கச் சொல்வது தொகையை அல்ல, கால இடைவெளியை. ஒரு கணினியில் தவறான ஒன்றைத் திறப்பதற்கும் பணம் போவதற்கும் நடுவே பெரும்பாலும் அவகாசம் இருக்கிறது, சில சமயம் மணிக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். அந்த அவகாசத்தில் யாராவது வாய் திறந்தால் பாஸ்வேர்டை மாற்றலாம், திறந்திருக்கும் உள்நுழைவுகளை வெட்டிவிடலாம், கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கலாம். வாய் திறக்க, எது வழக்கமில்லாதது என்று தெரிந்திருக்க வேண்டும்: கேட்காமல் வரும் ஓடிபி, போடாத பாஸ்வேர்டு ‘தவறு’ என்று வரும் அறிவிப்பு, நீங்கள் அனுப்பாத மின்னஞ்சலுக்கு வரும் பதில், காரணமில்லாமல் நின்றுபோன பிரிண்டர். இவற்றில் பத்துக்கு ஒன்பது ஒன்றுமில்லாததாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது புதியவர் வேலை அல்ல. சொல்வது மட்டுமே அவர் வேலை. நிறுவனத்துக்கும் மணி ஓடிக்கொண்டிருக்கிறது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இப்படிப்பட்ட ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது மறுப்பு வருகிறது. மூன்றில் வலுவானதும் இதுவே. இவ்வளவையும் புதிதாகச் சேர்ந்த ஊழியர் தலையில் கட்டுவது, பாதுகாப்புக்குச் செலவு செய்ய மனமில்லாத நிறுவனம் பழியை முன்கூட்டியே கைமாற்றிவிடும் தந்திரம் ஆகாதா? ஆகும், பேச்சு அப்படி அமைந்தால். “உங்க ஐடியில எது நடந்தாலும் நீங்கதான் பொறுப்பு” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அந்த வாக்கியத்தின் விளைவு என்னவென்று யோசியுங்கள். தவறான இணைப்பைத் திறந்துவிட்டோமோ என்று சந்தேகப்படும் ஊழியர், அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார். அவகாசம் முழுவதும் திருடனுக்குப் போய்ச் சேரும். ஆகவே பொறுப்பைச் சரியான அளவில் வெட்ட வேண்டும். திரையைப் பூட்டுவது, பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்திருப்பது, விசித்திரமானதைச் சொல்வது இவையெல்லாம் ஊழியரின் கைக்குள் இருப்பவை. அவற்றுக்கு அவர் பதில் சொல்லலாம். தேர்ந்த திருடன் செய்யும் எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்ல முடியாது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறர் பாஸ்வேர்டை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஏமாந்து பறிகொடுத்தவர் அந்தப் பிரிவின் குறி அல்ல. “பத்து நிமிஷத்துல வந்து சொன்னா ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்” என்று முதலாளி முதல் நாளே எல்லார் முன்னிலும் சொல்லி, அடுத்த முறை ஒருவர் வந்து சொல்லும்போது அதன்படி நடந்துகொண்டால், எந்த மென்பொருளும் தராத பாதுகாப்பு அந்த அலுவலகத்துக்குக் கிடைக்கும்.

கடைசியாக, முதல் நாளில் பேசச் சங்கடமான விஷயம் ஒன்று: வேலையை விட்டுப் போகும் நாள். அன்று மூடாமல் விடும் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் ஒரு கணினி ஊடுருவலால் சில நாள் நின்றது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. நிறுவனம் 44 லட்சம் டாலர் மீட்புத்தொகை கொடுத்தது. திருடர்கள் ஏப்ரல் 29 அன்று நுழைந்த வழி, வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வருவதற்கான ஒரே ஒரு கணக்கு. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த கணக்கு அது, ஆனால் மூடப்படவில்லை. இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. அதன் பாஸ்வேர்டு ‘1234’ வகையும் அல்ல, சிக்கலானதுதான். வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டுத் தொகுப்பு ஒன்றில் அது இருந்தது. அதே பாஸ்வேர்டை இன்னொரு தளத்திலும் வைத்திருந்ததால் இப்படி ஆகியிருக்கலாம் என்பது விசாரித்த நிபுணர்களின் கணிப்பு. அரைத்த மாவிலிருந்து அரிசி வராது என்றோமே, திருடன் அதற்கு முயல்வதே இல்லை. ஒரு கடையில் கிடைத்த அரிசியை எடுத்துப்போய் ஊரில் உள்ள மில்லில் எல்லாம் போட்டுப் பார்க்கிறான். ஷாப்பிங் தளத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கக்கூடாது என்பதன் காரணம் இவ்வளவே.

சின்ன நிறுவனத்தில் இந்தக் கிடப்புக் கணக்குகள் கலோனியலைவிட அதிகம், ஏனென்றால் கணக்கெடுக்க ஆள் இல்லை. போன வருடம் போனவரின் பெயரில் கூகுள் மின்னஞ்சல் இன்னும் திறந்திருக்கும். வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அவருடைய பழைய எண்ணுக்கே போகும், அவர் அந்த எண்ணைக் கைவிட்டிருந்தால் அது வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் அவர் பெயர் இருக்கும், குடோன் சிசிடிவி அவர் போனில் ஓடும். போனவருக்கும் இது நல்லதல்ல: அவர் இல்லாத அலுவலகத்தில் அவர் பெயரில் நடப்பதற்கெல்லாம் லாக் அவரைத்தான் காட்டும். ஆகவே முதல் நாள் கையெழுத்து வாங்க வேண்டிய தாள் என்று ஒன்று இருந்தால், அது பொறுப்பேற்புப் பத்திரமாக இல்லாமல் ஒரு பட்டியலாக இருக்கட்டும். டேலி, மின்னஞ்சல், இ-வே பில், வைஃபை, கேமரா, சாவி என்று எதெதில் இவர் பெயர் ஏறுகிறதோ அவை ஒவ்வொன்றும் ஒரு வரி, கொடுத்த தேதியோடு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்னொரு தேதிக்கு இடம் விட்டு அச்சடித்தால் போதும். ஒரு பிரதி ஊழியரிடமே இருக்கட்டும். கடைசி நாளன்று அந்தக் காலி இடங்கள் நிரம்பினவா என்று பார்க்க அவரைவிட அக்கறை உள்ள ஆள் கிடைக்க மாட்டார்.